வெருகலில் பின்னடைவு எப்போது தொடங்கியது? பொருளாதாரச் சுருக்கத்தின் வரைவிலக்கணம் குறித்து

மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் வெருகல் பிரதேசம் இருக்கிறது. நெல் வயல், மாடு, கரையோர மீன்பிடி, வெளியூர்க் கூலி, வெளிநாட்டு உழைப்பு என்பவற்றில்தான் இங்குள்ள குடும்பங்களின் வருமானம் தங்கியுள்ளது. 2022 இல் இலங்கைப் பொருளாதாரம் பின்னடைவுக்குள் விழுந்தது என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பின்னடைவு எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிந்தது என்று கேட்டால் ஒருமித்த பதில் கிடைப்பதில்லை. நாம் கடன் வாங்கிப் பயன்படுத்தும் வரைவிலக்கணம் இந்த நாட்டின் புள்ளிவிபரத்துக்குப் பொருந்தாமல் இருப்பதே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். பின்னடைவுக்கும் வளர்ச்சி மந்தத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வீதங்களின் அளவை விட, இழப்பு பரவும் விதம்தான் தெளிவாகக் காட்டுகிறது என்பதும் அதன் தொடர்ச்சி.

தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுருங்கினால் அது பின்னடைவு என்ற விதியைச் செய்தித்தாள் வாசிப்பவர் அனைவரும் அறிவர். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் ஜூலியஸ் ஷிஸ்கின் 1974 இல் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து அது பரவியது. அவர் அதைப் பல அறிகுறிகளுள் ஒன்றாகவே சொன்னார். மற்றவை மறக்கப்பட்டு, எளிதாக எண்ணக்கூடியது மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் பின்னடைவின் தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானிக்கும் தேசிய பொருளாதார ஆய்வகம் இவ்விதியைப் பின்பற்றுவதில்லை. வீழ்ச்சியின் ஆழம், அது எத்தனை துறைகளுக்குப் பரவியது, எவ்வளவு காலம் நீடித்தது என்ற மூன்றையும் சேர்த்தே அது பார்க்கிறது. 2020 இல் இரண்டே மாதம் நீடித்த வீழ்ச்சியை அது பின்னடைவு என்றது. 2022 இன் முதல் இரு காலாண்டுகளிலும் உற்பத்தி குறைந்ததாக அறிவிக்கப்பட்டபோதும் அவ்வாறு சொல்லவில்லை. வேலைவாய்ப்பு அப்போது கூடிக்கொண்டிருந்தது.

இரு காலாண்டு விதிக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒரு காலாண்டை அதற்கு உடனே முந்திய காலாண்டோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முன் பருவகால ஏற்ற இறக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். வெருகல் வயல்களில் பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில் வெட்டப்படுகிறது. சிறுபோகம் ஆவணியை ஒட்டி வீடு வருகிறது. ஆகவே முதற்காலாண்டோடு இரண்டாங்காலாண்டை நேராக ஒப்பிட்டால், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் நெல் வருமானம் சரிந்ததாகவே தெரியும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் முதன்மையாக அறிவிக்கும் வீதம் ஒரு காலாண்டை முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறது. அது நியாயமான முறைதான். ஆனால் அந்த வீதத்தை எடுத்து இரு காலாண்டு விதிக்குள் போட்டால் விடை பிழைக்கும்.

எப்படிப் பிழைக்கும் என்பதை முதலில் வெளியான மதிப்பீடுகளைக் கொண்டே காணலாம். முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட, 2022 இன் முதற்காலாண்டில் 1.6 சதவீதச் சுருக்கம். இரண்டாவதில் 8.4, மூன்றாவதில் 11.8, நான்காவதில் 12.4. 2023 இன் முதற்காலாண்டில் 11.5, இரண்டாவதில் 3.1. மூன்றாங்காலாண்டில் 1.6 சதவீத வளர்ச்சி வந்ததும் பின்னடைவு முடிந்தது என்ற தலைப்புகள் வந்தன. 2021 இன் மூன்றாங்காலாண்டு உற்பத்தியை 100 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டின் பின் அது 88.2 ஆயிற்று, அதன்மேல் 1.6 சதவீதம் கூடினால் 89.6. அதாவது வளர்ச்சி திரும்பிய அந்தக் காலாண்டில் நாடு ஈராண்டுக்கு முன்னர் செய்ததை விடப் பத்திலொரு பங்கு குறைவாகவே செய்துகொண்டிருந்தது. வேறொரு பிழையும் இதற்குள் இருக்கிறது. ஓராண்டு இடைவெளியில் ஒப்பிடும் வீதம், உற்பத்தி அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கிய பின்னும் சில காலாண்டுகளுக்கு எதிர்க்குறியிலேயே நிற்கும். ஆகவே திரும்புமுனை தலைப்புச் செய்திக்கு முன்னரே வந்திருக்கக்கூடும். பின்னடைவு முடிவதும் இழந்தது மீள்வதும் இரு வேறு நிகழ்வுகள். ஆண்டுக் கணக்கும் அதையே சொல்கிறது: திருத்தப்பட்ட மதிப்பீட்டின்படி 2022 இல் 7.3, 2023 இல் 2.3 சதவீதச் சுருக்கம், 2024 இல் 5 சதவீத வளர்ச்சி. மூன்றையும் பெருக்கினால் 2024 இன் உற்பத்தி 2021 இனதை விட இன்னும் ஏறத்தாழ 5 சதவீதம் தாழ்ந்தே இருந்தது.

வளர்ச்சி மந்தம் வேறு. அதில் உற்பத்தி குறைவதில்லை, கூடும் வேகம்தான் குறைகிறது. 2012 இல் 9 சதவீதத்தை எட்டியிருந்த இலங்கையின் வளர்ச்சி, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கடைகள் திறந்திருந்தன, கட்டடங்கள் எழுந்தன, கூலி மெதுவாகவேனும் ஏறியது. ஆயினும் எல்லைக்கோடு எண்ணில் இல்லை என்பதற்கு 2019 நல்ல சான்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த அந்த ஆண்டின் வளர்ச்சி முதலில் 2.3 சதவீதம் என்று வெளியானது. அடிப்படை ஆண்டு 2015 க்கு மாற்றப்பட்ட பின், அதே ஆண்டு 0.2 சதவீதம் சுருங்கியதாகக் கணக்கு வந்தது. நடந்து முடிந்த ஓர் ஆண்டின் பெயர் கணக்கு முறை மாறியதால் மாறுமென்றால், அந்தப் பெயரை ஒற்றை வீதத்தில் தொங்கவிடக் கூடாது.

இழப்பு எப்படிப் பரவியது என்று பார்க்க வெருகல் ஏற்ற இடம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் தடுக்கப்பட்டது. தடை நவம்பர் இறுதியில் தளர்த்தப்பட்டபோது கிழக்கில் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. பயிருக்கு யூரியா வேண்டிய நாட்களில் கமநல சேவை நிலையத்தில் அது இல்லை. நாட்டின் நெல் உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்து 2022 இல் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. இது பேரிழப்பு. ஆனால் இதை மட்டும் வைத்துப் பின்னடைவு என்று சொல்ல முடியாது. மகாவலி பெருக்கெடுத்து வயல்கள் அழிந்த ஆண்டுகளை வெருகல் முன்பும் கண்டிருக்கிறது. அப்போதெல்லாம் கடலுக்குப் போவதும், கொழும்பில் கட்டட வேலைக்குப் போவதும், அடகு வைத்து அடுத்த போகத்தைச் செய்வதும் வழியாக இருந்தன. ஒரு துறையின் இழப்பை மற்றத் துறைகள் தாங்கின.

2022 இல் தாங்க வேண்டிய துறைகளும் விழுந்தன. அதன் வேர் டொலர்த் தட்டுப்பாடு. 2019 இன் முடிவில் செய்யப்பட்ட பெரும் வரிக்குறைப்பு அரச வருவாயை ஒடுக்கியது. சர்வதேசச் சந்தையில் புதுக்கடன் பெறும் வாசல் அடைபட்டது. கொவிட் சுற்றுலா வருவாயைத் துடைத்தது. இருந்தும் நாணய மாற்று வீதம் டொலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டது. 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கில், 2022 சித்திரைக்குள் உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது மிகச் சிறு தொகையாக வற்றியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. எரிபொருளும் நிலக்கரியும் மூலப்பொருளும் வாங்கப் பணமில்லாத நாட்டில், கேள்வி இருந்தாலும் உற்பத்தி நடக்காது. வெருகல் கரையில் இது மண்ணெண்ணெயாக வந்தது: வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் முதலில் எண்ணெய் கிடைக்காமல் கரையேறின, ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபின், கிடைத்தும் கட்டுப்படியாகவில்லை.

இரண்டாவது அலை கேள்விப் பக்கத்தில் எழுந்தது. ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. கடன் விலையேற, சீமெந்தும் இரும்பும் எட்டாக்கனியாக, கட்டட வேலை நின்றது. 2022 இன் முதல் மதிப்பீட்டில் கைத்தொழில் 16, விவசாயம் 4.6, சேவை 2 சதவீதம் சுருங்கின. மூன்று பெருந்துறைகளும் ஒன்றாக விழுந்தன. பின்னடைவு என்று சொல்ல இதுவே வலுவான ஆதாரம். இங்கே ஒரு முரணும் உண்டு. நெல் மூன்றிலொரு பங்கு வீழ்ந்தும் விவசாயம் மொத்தமாக 5 சதவீதம்கூடக் குறையவில்லை. தேசியச் சராசரி வெருகலுக்கு நேர்ந்ததைக் காட்டாது.

மத்திய வங்கியின் வட்டி உயர்வும், 2023 மார்ச்சில் உடன்படிக்கையான சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளும்தான் பின்னடைவை உண்டாக்கின என்று வாதிடுவோர் உண்டு. அவை வீழ்ச்சியை ஆழமாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஏழை வீட்டின் மின்கட்டணத்தில் அது தெரிந்தது. ஆனால் காலவரிசை அவ்வாதத்துக்கு எதிராக நிற்கிறது. உர மூடை இல்லாமற்போனதும், 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டதும் வட்டி உயர்வுக்கு முன்னரே. வழங்கல் முறிந்தது முதல், கேள்வி ஒடுங்கியது பின்.

மேலைநாடுகளில் பின்னடைவைக் காட்டிக்கொடுக்கும் வேலையின்மை வீதம் இங்கே கைவிடுகிறது. 2021 இல் 5.1 சதவீதமாக இருந்த வேலையின்மை, பெருஞ்சுருக்கம் நிகழ்ந்த 2022 இல் 4.7 சதவீதமாகக் குறைந்தது. வேலையில்லாக் கொடுப்பனவு இல்லாத நாட்டில், நாட்கூலிக்காரர் சும்மா இருக்க முடியாது. கிழமையில் இரண்டு நாள் கிடைத்தாலும் புள்ளிவிபரத்தில் அவர் வேலையில் உள்ளவர். பாதிப்பு, கிடைக்கும் வேலை நாட்களின் எண்ணிக்கையிலும் கூலியின் வாங்கும் சக்தியிலும்தான் விழுகிறது. அந்த ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். உள்நாட்டில் எல்லா வாசலும் மூடியபின் எஞ்சியிருந்த வாசல் அது.

ஆகவே என் முடிவு இது: வெருகலில் 2021/22 பெரும்போகத்தின் அழிவு ஒரு துறை அதிர்ச்சி. மாற்று வருமானங்களும் அதோடு சேர்ந்து மூடிய 2022 சித்திரையை ஒட்டித்தான் அது பின்னடைவாயிற்று. முடிந்த மாதத்தை இருக்கும் தரவைக் கொண்டு சொல்ல முடியாது. மத்திய வங்கி மாகாண மட்டத்தில் ஆண்டுக்கொரு முறை உற்பத்தி மதிப்பீடு தருகிறது. பிரதேச அளவில் காலாண்டுக் கணக்கு இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி வீதத்தின் பக்கத்தில் பருவகாலச் சீராக்கம் செய்த உற்பத்தி மட்டத்தையும் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். பின்னடைவின் தொடக்கத்தையும் முடிவையும் ஆழம், பரவல், கால அளவு கொண்டு தீர்மானிக்க அரசைச் சாராத ஒரு குழுவைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைகள் முன்வந்து அமைக்க வேண்டும். அக்குழுவின் அட்டவணையில் வேலை நாட்களும் மெய்க்கூலியும் மண்ணெண்ணெய் விலையும் உரம் கிடைத்த திகதியும் இடம்பெற வேண்டும்.