‘ஒரு ரூபாய் வட்டி’ன்னு தரும் தவணைக் கடன்... உண்மையான வட்டி எவ்வளவு? கண்டுபிடிப்பது எப்படி?

“நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான் அண்ணாச்சி, வருஷத்துக்கு 12 பெர்சன்ட். மாசத் தவணையில கட்டிடலாம்!” திருநெல்வேலி பக்கம் தனிநபர் கடன் கேட்டுப் போனால் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால், இந்தக் கடனுக்கு நீங்கள் கட்டப்போவது 12 சதவீதம் இல்லை.

எங்கே இடிக்கிறது?

அம்பாசமுத்திரத்தில் ஒருவர் ரூ.1 லட்சத்தை 12% ஃபிளாட் வட்டியில் 24 மாதத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ரூ.24,000. அசலோடு சேர்த்து 24-ஆல் வகுத்தால், மாதத் தவணை ரூ.5,167. இதில் அசல் ரூ.4,167, வட்டி ரூ.1,000.

கைமாற்றாக வாங்கும் ஒரு ரூபாய் வட்டிக் கடனில், மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுவோம். ரூ.1 லட்சம் கடைசி வரை நம்ம கையிலேயே இருக்கும். அதனால் அங்கே 12% என்றால் 12%தான். தவணைக் கடனில் அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி குறைவதில்லை. ஒரு வருடத்தில் பாதி அசல் அடைந்த பிறகும் முழு லட்சத்துக்குத்தான் வட்டி. கடைசி மாதம் பாக்கி வெறும் ரூ.4,167. அதுக்கும் வட்டி ரூ.1,000!

மொபைலிலேயே கணக்கு போடலாம்

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செலில் இதை டைப் செய்யுங்கள்:

```
=RATE(24,-5167,100000)*12
```

மாதங்கள், தவணை, கையில் வந்த பணம் என்பதுதான் வரிசை. தவணைக்கு முன்னால் மைனஸ் குறி போட மறக்காதீங்க. விடை 0.2158 என்று வந்தால் 21.58% என்று அர்த்தம்.

பிராசசிங் கட்டணம் 2%, அதற்கு 18% ஜிஎஸ்டி என ரூ.2,360 பிடித்துக்கொண்டால் கையில் வருவது ரூ.97,640. 100000-க்குப் பதில் 97640 போட்டால், வட்டி சுமார் 24.1% ஆகிவிடும்.

16% வட்டி மலிவா?

குறையும் அசலுக்கு மட்டும் 16% வட்டி போடும் கடனில், அதே ரூ.1 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.4,896. கட்டணங்களைச் சேர்க்காமல் பார்த்தால், மொத்த வட்டி ரூ.17,500 தான். 12% ஃபிளாட்டை விட சுமார் ரூ.6,500 மிச்சம். அதனால் சதவீதத்தை ஒப்பிடும் முன், “ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா?” என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்கணும்?

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய தனிநபர் கடன்களுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் KFS எனும் முக்கிய விவர அறிக்கையை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் APR என்ற வரியைப் பாருங்கள். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதுதான். வாய்மொழியாகக் கடன் தரும் தனியாரிடம் இந்தத் தாள் கிடைக்காது. அங்கே மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.