35.3, 85.3: மெட்ராஸிலிருந்து வந்த இரு புள்ளிகள்

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, சர்தார் படேல் சாலையில் மேற்கே திரும்பினால் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வாசல் வரும். 1978இல் அங்கிருந்த வேதிப் பொறியியல் துறையின் கே. ஆர். சுந்தரேசன், பி. ஆர். கிருஷ்ணசாமி இருவரும் கனடாவின் வேதிப் பொறியியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலதாமதத்தையும் நேர மாறிலியையும் மூன்று வழிகளில் மதிப்பிடுவது அதன் பொருள். மூன்றில் மிக எளிய வழி, சோதனை வரைபடத்தில் இரண்டே இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்வது. வெளியீடு தன் மொத்த மாற்றத்தில் 35.3 சதவீதத்தை எட்டும் நேரம் ஒன்று, 85.3 சதவீதத்தை எட்டும் நேரம் மற்றொன்று. சீபோர்க், எட்கர், மெல்லிசாம்ப் எழுதிய பாடநூல் வழியாக இந்த எண்கள் உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏன் இந்த இரு எண்கள், இவற்றால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

படிச் சோதனை என்பது ஆலையில் நாள்தோறும் செய்யக்கூடிய காரியம். கட்டுப்பாட்டுக் கருவியைக் கைமுறைக்கு மாற்றி, வால்வை ஒரே அடியில் சிறிது திறந்துவிட்டு, வெப்பநிலையோ மட்டமோ எப்படி நகர்கிறது என்று பதிவு செய்வார்கள். கிடைக்கும் வளைவு பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, பின் தளர்ந்து ஒரு புதிய நிலையில் அடங்கும். அதை மூன்று எண்களுக்குள் அடக்குவதே முதல்படித் தாமத மாதிரி. K என்பது ஆதாயம். வால்வின் ஒரு சதவீத மாற்றத்துக்கு வெளியீடு எவ்வளவு மாறுகிறது என்பது. θ என்பது எதுவும் நடக்காமல் கழியும் தாமதம். τ என்பது அதற்குப் பின் வரும் நேர மாறிலி.

K-ஐக் காண்பதில் சர்ச்சை இல்லை. θ, τ இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வரலாறு ஓடுகிறது. 1942இல் டெய்லர் கருவி நிறுவனத்தின் சீக்லரும் நிக்கல்ஸும் வளைவின் மிகச் செங்குத்தான இடத்தில் ஒரு தொடுகோடு வரைந்தார்கள். அது அடிக்கோட்டை வெட்டும் இடம் வரை தாமதம். அங்கிருந்து இறுதி மட்டத்தைத் தொடும் வரை நேர மாறிலி. ஆனால் தொடுகோட்டைக் கண்ணால்தான் வைக்க வேண்டும். வரைபடத்தாளில் பேனா நடுங்கியிருந்தால், இருவர் வரையும் கோடுகள் ஒன்றாக இருக்காது. அதைவிடப் பெரிய குறை, வளைவு முழுவதற்குமான தீர்ப்பை அதன் ஒரே ஒரு இடம் சொல்லிவிடுகிறது என்பது.

தொடுகோட்டைக் கைவிட்டு இரு நேரங்களை எடுத்துக்கொள்வது இதற்கு மாற்று. முதல்படி மாதிரியில் வெளியீட்டின் பங்கு y எட்டப்படும் நேரம் θ − τ ln(1 − y). இரண்டு பங்குகளுக்கு இரண்டு சமன்பாடுகள், தெரியாதவையும் இரண்டு. எந்த இரு பங்குகளை எடுத்தாலும் விடை வரும். 1969இல் பிரான்சில் விக்டர் புரோய்தா 28, 40 சதவீதங்களை எடுத்தார். 1972இல் லூசியானாவின் சிசில் ஸ்மித் 28.3, 63.2 சதவீதங்களை எடுத்தார். அவர் தேர்வில் ஒரு கணித வசதி உண்டு: முதல் நேரம் தாமதத்துக்குப் பின் τ-வில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவது முழு τ. ஆகவே இரு நேரங்களின் இடைவெளியை ஒன்றரையால் பெருக்கினால் τ கிடைத்துவிடும்.

உண்மையான செயல்முறை சரியாக முதல்படியாகவே இருந்தால் எந்த இரு பங்குகளும் ஒரே விடையைத் தரும். ஆலையில் அப்படி எதுவும் இல்லை. எனவே பங்குகளைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பிழையைச் சகித்துக்கொள்வது என்று தீர்மானிப்பதே. புரோய்தாவின் இரு புள்ளிகள் மிக நெருக்கமானவை, இடைவெளியை 5.5 ஆல் பெருக்க வேண்டும், அதனால் படிக்கும்போது நேரும் சிறு பிழையும் அந்த அளவுக்கு வீங்கும். சென்னையிலிருந்து வந்த கட்டுரை, மாதிரிக்கும் அளந்த வளைவுக்கும் இடையிலான வேறுபாடு குறையும் இடத்தைத் தேடியது. பல தரவுகளுக்குப் பொருத்திப் பார்த்து 35.3, 85.3 என்ற அகன்ற இடைவெளிக்கு வந்தது. அதன் சூத்திரங்கள் இவை:

```
τ = 0.67 (t2 − t1)
θ = 1.3 t1 − 0.29 t2
```

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம். ஒரே அளவுள்ள மூன்று கலக்குத் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீர் சராசரியாக 2 நிமிடம் தங்குகிறது. முதல் தொட்டிக்கு நீராவி போகிறது. மூன்றாவதின் வெளியேற்ற வெப்பநிலையை அளக்கிறோம். சுவர்களில் வெப்ப இழப்பு இல்லை, வெப்பமானி உடனே பதில் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வை 40 சதவீதத்திலிருந்து 45க்குத் திறந்ததும் வெப்பநிலை 60 டிகிரியிலிருந்து மெல்ல ஏறி 66இல் நிற்கிறது. K ஒரு சதவீதத்துக்கு 1.2 டிகிரி. 6 டிகிரியில் 35.3 சதவீதம் என்பது 2.12, ஆகவே 62.12 டிகிரியை எட்டும் நேரம் t1. அது 4.22 நிமிடம். 65.12 டிகிரியை எட்டும் t2, 9.51 நிமிடம். வட்டமாக்காத குணகங்களைக் கொண்டு கணக்கிட்டால் τ 3.57 நிமிடம், θ 2.67 நிமிடம்.

இதே வளைவில் ஸ்மித்தின் முறை τ-வுக்கு 4.22, θ-வுக்கு 2.29 தருகிறது. தொடுகோடு வரைந்தால் τ 7.39, θ 1.61. இவ்வளவு விரிந்த வேறுபாட்டில் எதை நம்புவது? அதற்கு ஓர் உரைகல் உண்டு. இறுதி மட்டத்துக்கும் வளைவுக்கும் இடைப்பட்ட பரப்பை மொத்த மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது செயல்முறையின் சராசரிக் காலம். மாதிரியில் அது θ + τ. மூன்று தொட்டிகளில் அது சரியாக 6 நிமிடம். சென்னை முறையின் கூட்டல் 6.24, ஸ்மித்தின் கூட்டல் 6.51, தொடுகோட்டின் கூட்டல் 9.00. முழு வளைவையும் பிரதிபலிப்பதில் சுந்தரேசன், கிருஷ்ணசாமியின் புள்ளிகளே முந்துகின்றன. என் பார்வையில் அந்தக் கட்டுரையின் உண்மையான பங்களிப்பு இதுதான்.

ஆனால் இதை வைத்துச் சீக்லர், நிக்கல்ஸைத் தவறென்று தள்ளிவிடக் கூடாது. அவர்களுடைய கட்டுப்பாட்டு அமைப்பு விதிகள் தொடுகோட்டு அளவுகளுக்கென்றே உருவானவை. அவர்களது விகித-தொகை விதி ஆதாயத்தை 0.9τ/(Kθ) என்கிறது. K-ஐ நீக்கிப் பார்த்தால் தொடுகோட்டு அளவுகள் 4.1 தருகின்றன, சென்னை முறையின் அளவுகளை அதே விதியில் இட்டால் 1.2தான் வரும். கட்டுப்பாடு மந்தமாகிவிடும். ஒருவர் கண்டெடுத்த τ, θ-வை இன்னொருவரின் அட்டவணையில் போடுமுன், அந்த அட்டவணை எந்த அளவீட்டுக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இனி சூத்திரத்துக்குள் இருக்கும் ஒரு சிறு பொறி. θ-வின் குணகங்கள் 1.3, 0.29. நேரத்தின் தொடக்கத்தை நகர்த்தினால் தாமதமும் அதே அளவே நகர வேண்டும். அப்படியென்றால் இரண்டின் வித்தியாசம் 1 ஆக வேண்டும். இங்கே 1.01. நேரத்தை வால்வு திறந்த கணத்திலிருந்து எண்ணினால் இந்த வட்டமாக்கல் கவனிக்கப்படாமல் போகும். நம் தொட்டிகளில் 2.67க்குப் பதில் 2.73 வரும், அவ்வளவே. வரைபடத்தாள் படிக்கு 30 நிமிடம் முன்பிருந்தே ஓடுகிறது, ஒருவர் தாளின் நேரத்தையே சூத்திரத்தில் இட்டுவிட்டுக் கடைசியில் 30-ஐக் கழிக்கிறார் என்றால் தாமதம் 3.03 நிமிடமாகக் கிடைக்கும். 1.294, 0.294 என்று எழுதிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 85.3 சதவீதத்தில் வளைவு ஏறத்தாழப் படுத்துவிட்டது. அங்கே வெப்பநிலையில் ஒரு நூலிழை பிசகினாலும் நேரத்தில் பெரிதாகப் பிசகும். முதல்படி வளைவில் ஒரு சதவீதப் பிசகு, நேரத்தில் τ-வின் 6.8 சதவீதம். 63.2 சதவீதப் புள்ளியில் அது 2.7 மட்டுமே. இரைச்சலைப் பொறுத்தவரை இடைவெளியின் அகலம் இதை ஈடுகட்டிவிடுகிறது. சென்னை, ஸ்மித் இரு முறைகளிலும் τ-வின் பிழை ஏறக்குறைய ஒன்றே. இறுதி மதிப்பைத் தவறாக எடுத்துக்கொள்வதை மட்டும் அகலம் ஈடுகட்டாது.

அந்தத் தவறு எளிதில் நேரும். நம் சோதனையை 12ஆவது நிமிடத்தில் நிறுத்திவிட்டதாகக் கொள்வோம். அப்போது வெப்பநிலை 65.63, வளைவு கண்ணுக்குக் கிட்டத்தட்ட அடங்கியது போலத் தோன்றும். அதையே இறுதி என்று கொண்டால் K 6 சதவீதம் குறைகிறது. τ 3.57லிருந்து 3.04 ஆகிறது, அதாவது 15 சதவீதம் சரிவு. θ சற்றே ஏறி 2.73 ஆகிறது. ஸ்மித்தின் முறையில் அதே அவசரம் τ-வை 8.5 சதவீதம்தான் குறைக்கும். பதிவை நடுவில் நிறுத்த வேண்டிய கட்டாயம் இருக்கும் ஆலையில் ஸ்மித்தின் புள்ளிகளே பாதுகாப்பானவை. பொறுமையாகக் காத்திருக்க முடிகிற இடத்தில் சென்னைப் புள்ளிகள்.

எவ்வளவு காத்திருப்பது? முதலில் தோராயமாக θ, τ-வைக் கணக்கிட்டு, θ + 4τ வரையேனும் பதிவு ஓடியிருக்கிறதா என்று பார்க்கலாம். நம் தொட்டிகளில் அது 17 நிமிடம். அப்போது வளைவு 99 சதவீதத்தை எட்டியிருக்கும். ஆனால் அவசரமாக நிறுத்திய பதிவில் τ சுருங்கியிருப்பதால் இந்தச் சோதனையும் தளர்ந்துவிடும்: 2.73 + 4 × 3.04 என்பது 14.9 நிமிடம். பதிவு 12இலேயே முடிந்துவிட்டதால் இந்த முறை குறை வெளிப்படுகிறது. வால்வைத் திரும்ப 40க்கு இறக்கி, வெப்பநிலை 60க்கே வந்து சேருகிறதா என்று பார்ப்பது இதைவிட உறுதியானது. வராவிட்டால் சோதனையின்போது நீராவி அழுத்தமோ உள்வரும் நீரோ மாறியிருக்கிறது. அந்தப் பதிவிலிருந்து எந்த இரு புள்ளியை எடுத்தாலும் பயனில்லை.

அதே 1978இல் சுந்தரேசன், சந்திர பிரசாத், கிருஷ்ணசாமி மூவரும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை, முதல்படி மாதிரி போதாத இடங்களுக்குப் போனது. வளைவு இறுதி மட்டத்தைத் தாண்டி ஆடி அடங்கும் செயல்முறைகளுக்கு இரண்டு நேரங்கள் உதவாது. அங்கே பரப்பையும் வளைவு மாற்றப் புள்ளியின் சரிவையும் இரண்டாம்படி மாதிரிக்குப் பயன்படுத்தினார்கள். பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து ரங்கையாவுடன் கிருஷ்ணசாமி 1994இல் எழுதியபோது நேரங்கள் மூன்றாயின: 14, 55, 91 சதவீதம். மேல்புள்ளி இன்னும் உயரே ஏறியதால், இறுதி மதிப்பைச் சார்ந்திருக்கும் பலவீனமும் கூடவே ஏறியது. கோஸ்டா ரிக்காவின் விக்டர் அல்ஃபாரோ முதல்படி மாதிரிக்கு 25, 75 சதவீதங்களை எடுத்து எதிர்த்திசையில் நடந்தார். நம் மூன்று தொட்டிகளில் அவர் முறை τ 3.99, θ 2.31 என்று தருகிறது, கூட்டல் 6.30. சராசரிக் காலத்தில் சென்னை முறைக்கு அருகே நிற்கிறது, மேல்புள்ளியோ பத்து சதவீதம் கீழே இருக்கிறது.