கேப்ஷனில் வாக்கிய எல்லை மீட்டல்

வீடியோ காலில் நடந்த பேச்சைக் கணினி தானாக எழுத்தாக்கித் தரும்போது முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் இல்லாமல் சொற்கள் மட்டும் வரிசையாக வந்து விழுவது உண்டு. ஒரு வரி எங்கே முடிய வேண்டும் என்பதைத் திரையின் அகலமும் சில நொடிக் கணக்கும் தீர்மானிக்கின்றன. பேசியவர் வாக்கியத்தை எங்கே முடித்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கேப்ஷனில் ஒரு சொல்லையும் மாற்றாமல் வாக்கிய முடிவுகளைக் கண்டுபிடித்துக் குறியிடும் வேலையே வாக்கிய எல்லை மீட்டல். நீண்ட கூட்டத்தைச் சுருக்கி எழுதுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். தமிழில் அந்த வரிசையைத் தவறவிட்டால் சுருக்கம் நீளம் குறைந்த எழுத்தாக இருக்கலாம், ஆனால் கூட்டம் எடுத்த முடிவுக்கு நேர்மாறாகவும் இருந்துவிடலாம்.

காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று பொதுவாகக் கடைசியில் வருகிறது. காலம், செய்தவர் யார், செய்வதா வேண்டாமா, கேள்வியா பதிலா என்ற அத்தனையும் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கின்றன. ‘மீதிப் பணத்தை கான்ட்ராக்டருக்கு இந்த வாரமே குடுக்க’ என்பது வரை கேட்டவருக்கு முடிவு தெரியாது. அடுத்த சொல் ‘வேண்டாம்’ என்றும் இருக்கலாம், ‘வேணும்’ என்றும் இருக்கலாம். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தின் கேப்ஷனைச் சுருக்குவதற்காகப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டுவார்கள். வெட்டு அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே விழுந்தால் முதல் துண்டைச் சுருக்குகிறவர் பணம் கொடுப்பது பற்றிப் பேசினார்கள் என்று எழுதுவார். இரண்டாம் துண்டைச் சுருக்குகிறவருக்கு ‘வேண்டாம்’ எதைப் பற்றியது என்றே தெரியாது. ஆகவே வாக்கிய எல்லை முதலில், துண்டுபோடுதல் அதன் பிறகு, சுருக்கம் கடைசியில் என்பதே சரியான வரிசை.

இந்த வேலை தமிழுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்படவில்லை. அவற்றை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் பிரித்துப் பிரித்துத்தான் படித்தார்கள். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாக்கியவர் என்று ஆறுமுக நாவலரைச் (1822–1879) சொல்வது வழக்கம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடத்தை முடிவு செய்தார். அவரிடம் ஒப்பிடப் பல பிரதிகள் இருந்தன. பேசியவரின் குரல் இல்லை. கேப்ஷன் திருத்துகிறவரிடம் பிரதி ஒன்றுதான், ஆனால் குரல் பதிவாகி இருக்கிறது. அந்த ஒலியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு முட்டி மோதுவது தேவையில்லாத சிரமம்.

மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வீடு கொண்ட ஓர் அடுக்ககத்தின் சங்கக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் கட்டடத்திலிருந்தும் மீதிப் பேர் வெளியூரிலிருந்தும் காலில் சேர்ந்திருக்கிறார்கள். பேச்சு தண்ணீரைப் பற்றி. கேப்ஷன் கோப்பில் அதன் ஒரு பகுதி இப்படி இருக்கும் (விளக்கத்துக்காக எழுதிய மாதிரி இது):

```
00:14:02.310 --> 00:14:05.480
லாரித் தண்ணிக்கு சொல்ல

00:14:05.480 --> 00:14:09.900
வேண்டாம் இந்த மாசம் சம்ப் க்ளீன் பண்ணிடலாம்

00:14:09.900 --> 00:14:13.250
செக்ரட்டரி நான் ஏற்கனவே பேசிட்டேன் சொன்னார்

00:14:13.250 --> 00:14:18.600
எப்ப வருவாங்கன்னு தெரியல கேட் யாரு தெறப்பா காலையில
```

முதல் வேலை வரிகளை ஒன்றாகச் சேர்ப்பது. சில கோப்புகளில் ஒவ்வொரு வரியும் அடுத்த கட்டத்தில் மறுபடி வரும், திரையில் மேலே நகர்வதற்காக. அந்த இரட்டிப்பை நீக்க வேண்டும். நேரக்குறிகளை மட்டும் அடியோடு அழித்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்க நேரத்தையாவது ஓரத்தில் வைத்திருந்தால்தான் சந்தேகம் வரும் இடத்தில் ஒலிக்குத் திரும்பிப் போக முடியும். பேசியவர் பெயர் கோப்பில் இருந்தால் ஆள் மாறும் இடமெல்லாம் அநேகமாக வாக்கிய எல்லைதான். ‘அநேகமாக’ என்பதற்குக் காரணம், ஒருவர் சொல்லி நிறுத்தியதை மற்றவர் முடித்துவைப்பது நம் பேச்சில் சகஜம்.

அடுத்தது வினைமுற்றைத் தேடுவது. ‘வேண்டாம்’, ‘பண்ணிடலாம்’, ‘பேசிட்டேன்’, ‘சொன்னார்’, ‘தெரியல’, ‘தெறப்பா’ என்று ஆறு முற்றுகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எழுத்துத் தமிழாக இருந்தால் ஏறக்குறைய அப்படித்தான். பேச்சில் வினைக்குப் பிறகும் ஒரு வால் வரும். ‘குடுத்துட்டேன் நேத்தே’, ‘வரல அவரு’ என்று பேசாத வீடே கிடையாது. இந்த வால்தான் எல்லை மீட்டலில் மிகக் கடினமான இடம். இயந்திரமும் மனிதரும் ஒரே மாதிரி தடுமாறுவது இங்கேதான்.

மாதிரியில் ‘இந்த மாசம்’ அப்படி நிற்கிறது. அது முந்தைய வினையின் வால் என்றால், ‘லாரித் தண்ணிக்கு சொல்ல வேண்டாம் இந்த மாசம். சம்ப் க்ளீன் பண்ணிடலாம்.’ அப்போது லாரியை நிறுத்துவது ஒரு மாதத்துக்கு மட்டும். சம்ப்பைக் கழுவ நாள் குறிக்கவில்லை. அடுத்த வாக்கியத்தின் தொடக்கம் என்றால், ‘லாரித் தண்ணிக்கு சொல்ல வேண்டாம். இந்த மாசம் சம்ப் க்ளீன் பண்ணிடலாம்.’ இப்போது லாரியை நிறுத்துவதற்குக் கெடு இல்லை. சம்ப்புக்கு மாதக் கெடு இருக்கிறது. சொற்கள் அதே சொற்கள், தீர்மானங்கள் இரண்டு. இலக்கணத்தால் இதைத் தீர்க்க முடியாது. பதினான்காம் நிமிடம் ஐந்தாம் நொடிக்குப் போய்க் கேட்க வேண்டும். வாலாக வரும் சொல் வினையோடு ஒட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், இடைவெளி இல்லாமல் ஓடும். புதிய வாக்கியமாக இருந்தால் முன்னால் மூச்சு விழும், குரல் மறுபடி மேலெழும். ஒலி தெளிவாக இல்லாவிட்டால் கூட்டத்தின் பிற்பகுதி உதவும். சற்று நேரம் கழித்து யாராவது ‘அப்ப அடுத்த மாசம் லாரி உண்டா’ என்று கேட்டு, ‘உண்டு’ என்று பதில் வந்திருந்தால் முதல் வாசிப்பே சரி.

மூன்றாம் கட்டத்தில் வேறொரு சிக்கல். ‘செக்ரட்டரி நான் ஏற்கனவே பேசிட்டேன் சொன்னார்’ என்பதில் ‘பேசிட்டேன்னு’ என்பதன் ‘னு’ விழுந்துவிட்டிருக்கிறது. வேகமான பேச்சில் அது அரை அசைதான், கேப்ஷன் அதை அடிக்கடி தவறவிடும். இருந்தபடியே புள்ளி வைத்தால், ‘செக்ரட்டரி, நான் ஏற்கனவே பேசிட்டேன்’ என்று பேசுகிறவர் செக்ரட்டரியை விளித்துச் சொன்னதாக ஆகிவிடும். ஆளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு தவறான தலையில் விழும். தனியே தொங்கும் ‘சொன்னார்’ என்ற முற்றுதான் ஏதோ விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம்: சொன்னார் என்றால் என்ன சொன்னார் என்பது முன்னாலேயே இருக்க வேண்டும். கேட்டு உறுதி செய்த பிறகு மேற்கோள் குறி இட்டு, விழுந்த எழுத்தைச் சதுர அடைப்பில் சேர்க்கலாம்.

கேள்விக்குறி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘எப்ப’, ‘யாரு’ என்ற சொல்லைப் பார்த்ததும் குறி வைத்துவிடக் கூடாது. ‘எப்ப வருவாங்கன்னு தெரியல’ கேள்வி அல்ல. ‘ன்னு’ அந்தக் கேள்வியை உள்ளே அடக்கிவிட்டது. ‘கேட் யாரு தெறப்பா காலையில?’ கேள்விதான், குறி வாலுக்குப் பின்னால் வர வேண்டும். ‘இந்த மாசம்’ வால்தான் என்று ஒலி காட்டியதாக வைத்துக்கொண்டால், சரிசெய்த பகுதி இது:

```
[14:02] லாரித் தண்ணிக்கு சொல்ல வேண்டாம் இந்த மாசம். சம்ப் க்ளீன் பண்ணிடலாம்.
[14:09] செக்ரட்டரி, "நான் ஏற்கனவே பேசிட்டேன்"[னு] சொன்னார்.
[14:13] எப்ப வருவாங்கன்னு தெரியல. கேட் யாரு தெறப்பா காலையில?
```

கொச்சையைத் திருத்தி எழுத்து வழக்குக்கு மாற்றும் ஆசை இந்தக் கட்டத்தில் வரும். அதை அடக்குவது நல்லது. பேச்சில் ‘தண்ணி வரும்’ என்றால் முற்று, ‘தண்ணி வர்ற லாரி’ என்றால் எச்சம்; வடிவமே வேறு. எழுத்து வழக்கில் இரண்டும் ‘வரும்’ ஆகிவிடலாம். ‘தண்ணீர் வரும் லாரி’ என்று மாற்றி எழுதிய பிறகு அங்கே வாக்கியம் முடிகிறதா தொடர்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பேச்சு வடிவம் தானாகத் தந்த துப்பை அழித்துவிடுகிறோம்.

சொல் மாறவில்லை என்பதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நேரக்குறிகளை எடுத்துவிட்டு, குறியிடுவதற்கு முன் இருந்த கோப்பு, பின் இருந்த கோப்பு இரண்டிலும் நிறுத்தக்குறிகளை நீக்கி, சொல்லுக்கு ஒரு வரியாக வைத்து ஒப்பிடுவது:

```
for f in mun pin; do
  tr -d '.,?!"' < $f.txt | tr -s '[:space:]' '\n' > $f.sol
done
diff mun.sol pin.sol
```

சதுர அடைப்பில் சேர்த்தவை மட்டும் வேறுபாடாகத் தெரிய வேண்டும். வேறு ஏதாவது தெரிந்தால் திருத்தியவர் கை சொல்லின் மீதும் பட்டிருக்கிறது.

மென்பொருளிலும் இந்த வேலை நடக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒன்றுமில்லை, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி என்ற நான்கில் எது என்று ஊகிப்பதே பழகிய முறை. 2022இல் வெளியான விஸ்பர் போன்ற பேச்சறி மென்பொருள்கள் எழுத்தாக்கும்போதே குறியும் இடுகின்றன. தமிழில் அவை வாலில் சறுக்குவதற்கு ஒரு காரணம் பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழாக இருக்கலாம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு அதே 2022இல் வெளியிட்ட ஸ்ருதிலிபி என்ற தொகுப்பில் 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேல் ஒலி இருக்கிறது. அது அகில இந்திய வானொலிச் செய்திகளிலிருந்து திரட்டியது. செய்தி வாசிப்பவர் எழுதி வைத்ததைப் படிக்கிறார், ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றில் நிறுத்துகிறார். சங்கக் கூட்டத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே மென்பொருள் இட்ட குறிகள் எல்லாவற்றையும் மனிதர் பார்க்க வேண்டியதில்லை; முற்றுக்குப் பின் காலமோ இடமோ ஆளோ குறிக்கும் சொல் வந்த இடங்களையும், ‘வேண்டாம்’, ‘இல்ல’, ‘முடியாது’ வந்த இடங்களையும் பார்த்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். ‘இல்ல’ குறிப்பாகக் கவனிக்கத் தக்கது. ‘இல்ல நாம அத ஒத்துக்கலாம்’ என்பதில் அது மறுப்பு அல்ல, பேச்சைத் தொடங்கும் சொல், காற்புள்ளி போதும். முந்தைய கேள்விக்குப் பதிலாக வந்திருந்தால் முற்றுப்புள்ளி வேண்டும்.

இருவர் ஒரே நேரத்தில் பேசிய இடங்களில் கேப்ஷன் இரு வாக்கியங்களின் சொற்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிடும். அங்கே குறியிட முயலாமல் ‘கலந்த பேச்சு’ என்று நேரத்தோடு குறித்து வைப்பதே முறை. ஒலியைக் கேட்டும் பிரிக்க முடியாத ‘இந்த மாசம்’ போன்ற இடத்தில் எந்தப் பக்கமும் புள்ளி வைக்கக் கூடாது. சுருக்கத்தில் ‘லாரி, சம்ப் இரண்டில் எதற்கு இந்த மாதக் கெடு என்பது 14:05இல் தெளிவில்லை’ என்று அப்படியே எழுதி, கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.