ரெப்போ வட்டி விகிதம்

ரெப்போ வட்டி விகிதம் என்பது, அரசுப் பத்திரங்களை ஈடாகப் பெற்று இந்திய ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் வழங்கும் வட்டி வீதமாகும். இந்தியாவின் கொள்கை வட்டி விகிதம் இதுவே. ஆறு உறுப்பினர் கொண்ட பணக் கொள்கைக் குழு இதை முடிவுசெய்கிறது.

வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்கப்பட வேண்டும். அளவுகோலுடன் வங்கி தன் கூடுதல் வீதத்தைச் சேர்க்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வட்டியைத் திருத்துகிறது. நிலையான வட்டிக் கடன்களை இம்மாற்றம் தொடுவதில்லை. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இவ்விதி பொருந்தாது.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானது. 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குப் பெற்ற 30 லட்சம் ரூபாய் கடனின் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் தவணை 27,960 ரூபாயை ஒட்டி உயரும்.

தவணையை உயர்த்தாமல் கடன் காலத்தை நீட்டுவது வங்கிகளின் வழக்கம். மேற்கண்ட கடனில் இது பலிக்காது: 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணை அதற்கும் போதாமல் அசல் வளரும். கணக்கு அறிக்கையில் நிலுவை அசல் மாதந்தோறும் ஏறுவதே இதன் அடையாளம். தவணை, காலம் ஆகியவற்றில் எதை மாற்றுவது என்னும் தெரிவைக் கடனாளிக்கு வழங்குமாறு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது.