மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் தடுப்பூசி போடலாமா? எதைத் தவிர்க்க வேண்டும்?

பாலிக் புலாவில் உங்கள் அம்மா முடக்குவாதத்துக்காக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தடுப்பூசிக்காக கிளினிக்குக்கு அழைத்துப் போகிறீர்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது உயிருள்ள கிருமி ஊசியா?"

ஏன் அந்தக் கேள்வி?

மூட்டுகளைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை மெத்தோட்ரெக்சேட் அடக்குகிறது. சில தடுப்பூசிகளில் பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் அது பெருகி, தடுக்க வேண்டிய நோயையே கொடுத்துவிடலாம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

மலேசியாவில் 2024இல் அனுமதி பெற்ற க்யூடெங்கா என்ற டிங்கி தடுப்பூசி இந்த வகைதான். தட்டம்மை-புட்டாளம்மை-ருபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகளும், வாய்வழி டைபாய்டு மருந்தும் அப்படியே. இவற்றில் ஒன்று கட்டாயம் தேவை என்றால், மூட்டு மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். பொதுவாக ஊசிக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் மெத்தோட்ரெக்சேட் நிறுத்தப்படும்.

உணவுக்கடையில் வேலை செய்பவர்கள் போட வேண்டிய டைபாய்டு ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. நிமோனியா ஊசி, 'ஷிங்க்ரிக்ஸ்' என்ற அக்கி ஊசி ஆகியவற்றிலும் இல்லை. இவற்றுக்காக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டாம் என்கிறது அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டி.

ஃப்ளூ ஊசி மட்டும் ஏன் வேறு?

ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்து பாதுகாப்பானதே. (மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் உயிருள்ள வகை.) ஆனால் மெத்தோட்ரெக்சேட் அதன் பலனைக் குறைக்கிறது. 2018இல் வெளியான தென்கொரிய ஆய்வில், ஊசிக்குப் பிறகு 2 வாரம் மருந்தை நிறுத்தியவர்களில் 75.5% பேருக்குப் போதிய எதிர்ப்புச் சக்தி உருவானது. நிறுத்தாதவர்களில் அது 54.5% மட்டுமே.

கணக்கு இப்படி: அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மாத்திரை எடுக்கிறார். 3ஆம் தேதி, புதன்கிழமை ஊசி. 5, 12ஆம் தேதி வேளைகளை விட்டுவிட்டு, 19ஆம் தேதி மீண்டும் தொடங்குவார். ஊசிக்கு முன்பு நிறுத்தத் தேவையில்லை.

இதற்கும் மூட்டு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் நிறுத்தினால் வலி கூடலாம். காலையில் விரல்கள் நீண்ட நேரம் விறைத்திருந்தாலோ மூட்டு வீங்கினாலோ உடனே அவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பிடிக்க முடியவில்லையா? ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டுவிட்டு, மாத்திரையைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

வேறு மருந்து எடுத்தால்?

ரிட்டுக்சிமாப் எடுப்பவர்களுக்கு நேரம் ரொம்ப முக்கியம். ஃப்ளூ ஊசியை அதன் பருவத்திலேயே போடலாம். மற்ற ஊசிகளை அடுத்த ரிட்டுக்சிமாப் வேளை நெருங்கும்போது போட்டு, பிறகு குறைந்தது 2 வாரம் கழித்தே அந்த மருந்தை ஏற்றுவார்கள். மருந்து ஏற்றிய உடனே போட்டால் ஊசி வீணாகலாம்.

கிளினிக்கில் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். "மூட்டுவலி மாத்திரை" என்று மட்டும் சொன்னால், அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பது அங்கே தெரியாமல் போகலாம்.