ஐ.பி.ஓ.வில் பந்தி யாருக்கு முதலில்?

போன வாரம் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏழு ஐ.பி.ஓ.வுக்குப் பணம் கட்டிட்டேன்டா, ஒண்ணுகூட விழலை. முதல்லயே பெரிய ஆளுங்க எடுத்துக்கிறாங்க, மிச்சத்துக்கு நம்மள க்யூவுல நிக்க வைக்கிறாங்க" என்று ஒரே புலம்பல். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போனில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

1992 வரை ஒரு கம்பெனி தன் பங்கை என்ன விலைக்கு மக்களிடம் விற்கலாம் என்று தீர்மானித்தது டெல்லியில் இருந்த ஓர் அரசு அதிகாரி. அந்தப் பதவிக்கு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்று பெயர். அவர் பெரும்பாலும் விலையைக் குறைத்தே வைப்பார். அதனால் நல்ல கம்பெனியின் பங்கு கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி. 1992-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். விலையை இனி கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், விவரங்களை ஒளிக்காமல் சொன்னால் போதும், செபி மேற்பார்வை பார்க்கும் என்று ஆனது.

அந்தச் சுதந்திரத்தின் ஆரம்பத்தில், 1993-ல், வந்ததுதான் இன்ஃபோசிஸ். விலை 95 ரூபாய். இன்றைக்குக் கேட்டால் நம்ப மாட்டீர்கள், அந்த வெளியீடு முழுதாக விற்கவில்லை. சாஃப்ட்வேர் என்றால் என்னவென்றே பலருக்கு அப்போது தெரியாது. மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்குகளை அதே விலைக்கு வாங்கித்தான் கரை சேர்த்தது. லிஸ்ட் ஆன அன்று விலை 145 ரூபாய். அன்றைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் க்யூவில் நிற்கவே வேண்டியிருக்கவில்லை. யாருக்கு முதலில் என்ற சண்டையெல்லாம் பண்டத்தைவிட ஆள் அதிகமாகும்போதுதான் வருகிறது.

அப்படி ஆள் அதிகமானபோது எப்படிப் பங்கிடுவது? கம்பெனி முதலில் மெர்ச்சென்ட் பேங்கரை அமர்த்தி, தன் கணக்கு வழக்கு, கடன், வழக்குகள் எல்லாவற்றையும் எழுதிய வரைவு ப்ராஸ்பெக்டஸை செபியிடம் தருகிறது. செபியின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு ஒரு விலை வரம்பை அறிவிக்கிறது. பங்குகளை மூன்று பாத்திரங்களில் பிரித்து வைக்கிறார்கள். லாபம் காட்டிய கம்பெனி என்றால், மியூச்சுவல் ஃபண்டு போன்ற பெரிய நிறுவனங்களுக்கு அதிகபட்சம் பாதி. பணக்காரத் தனிநபர்களுக்குக் குறைந்தது 15 சதவீதம். 2 லட்ச ரூபாய்க்குள் விண்ணப்பிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் குறைந்தது 35 சதவீதம். லாப வரலாறு இல்லாத கம்பெனியில் நம் பங்கு 10 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

சித்தப்பா சொன்ன உண்மை இங்கேதான் இருக்கிறது. 2009 முதல், வெளியீடு தொடங்குவதற்கு முந்தைய வேலை நாளிலேயே ஆங்கர் முதலீட்டாளர்கள் என்ற பெரிய நிறுவனங்களுக்குப் பங்கு ஒதுக்கிவிடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதில் கம்பெனிக்கும் பேங்கருக்கும் நிறையவே சுதந்திரம் உண்டு. ஆனால் அது பெரிய நிறுவனங்களின் பாத்திரத்திலிருந்து போகிறதே தவிர, நம் பாத்திரத்தில் கை வைப்பதில்லை. லிஸ்ட் ஆன அன்றே விற்கவும் முடியாது. பாதியை 30 நாளும் மீதியை 90 நாளும் வைத்திருக்க வேண்டும்.

சரி, நம் பாத்திரத்தில் கை வைத்தவர்கள் யார்? பெரிய நிறுவனங்கள் இல்லை. சிறு முதலீட்டாளர் வேஷம் போட்டு வந்தவர்கள்.

2005 ஜூன் மாதம் யெஸ் பேங்க் ஐ.பி.ஓ. வந்தது. பங்கு 45 ரூபாய். அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி தன் பெயரில் 1,050 பங்குகளுக்கு 47,250 ரூபாய் கட்டி விண்ணப்பித்தார். பார்த்தால் சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு. ஆனால் ஜூலை 11-ம் தேதி, லிஸ்ட் ஆவதற்கு முந்தைய நாள், 6,315 பேரின் டீமேட் கணக்குகளிலிருந்து ஆளுக்குச் சரியாக 150 பங்குகள் அவர் கணக்குக்கு வந்து விழுந்தன. மொத்தம் 9,47,250 பங்குகள். சந்தைக்கு வெளியே நடந்த பரிமாற்றம்.

அந்த 6,315 பேரும் வெறும் பெயர்கள்தான். கற்பனைப் பெயர்களில் வங்கிக் கணக்கும் டீமேட் கணக்கும் திறந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயரிலும் அதே 47,250 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 30 கோடி வேண்டும். அதைத் தர வட்டிக்காரர்கள் பின்னால் இருந்தார்கள். பங்கு கிடைத்தது போக மீதிப் பணம் சில வாரத்தில் திரும்பிவிடும் என்பதால் அவர்களுக்குக் கவலையில்லை. முதல் நாளே விலை 60 ரூபாயைத் தாண்டியது. பங்குக்கு 15 ரூபாய் என்று பார்த்தாலே சுமார் 1 கோடியே 42 லட்சம் லாபம். அந்தப் பங்குகள் அன்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது நிஜமாக விண்ணப்பித்து வெறுங்கையோடு நின்ற ஆயிரக்கணக்கான சித்தப்பாக்களுக்கு.

மாட்டியது எப்படி? ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு ஒரே முகவரி. லிஸ்ட் ஆவதற்கு முந்தைய நாள் எல்லாம் ஒரே கணக்கை நோக்கி நகர்ந்தது. செபி மற்ற வெளியீடுகளையும் தோண்டியதில் அதே வித்தை பலவற்றில் நடந்திருந்தது தெரிந்தது. 2006 ஏப்ரல் முதல் புதிய டீமேட் கணக்குக்குப் பான் அட்டை கட்டாயமானது. ஏமாந்தவர்களுக்கு எப்படி ஈடு கட்டுவது என்று நீதிபதி வாத்வா தலைமையில் குழு அமைத்து, 2010-ல் பறிகொடுத்தவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து பணம் கட்டும் முறை மாறியது. 2008-ல் வந்த ஆஸ்பா முறையில் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும், பங்கு கிடைத்தால் மட்டும் எடுப்பார்கள். 2012-ல் செபி பங்கிடும் முறையையே மாற்றியது. அதற்கு முன் விண்ணப்பித்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் கொடுப்பார்கள். இப்போது முடிந்தவரை எல்லோருக்கும் ஒரு லாட், போதாவிட்டால் கம்ப்யூட்டர் குலுக்கல்.

சித்தப்பாவின் கணக்கை இதில் போட்டுப் பார்ப்போம். சிறு முதலீட்டாளர் பாத்திரத்தில் 10,000 லாட் இருக்கிறது, 60,000 பேர் விண்ணப்பித்தார்கள் என்றால், 10,000 பேருக்கு ஒவ்வொரு லாட், 50,000 பேருக்கு ஒன்றுமில்லை. ஆறில் ஒரு வாய்ப்பு. அவர் 13 லாட் கேட்டாலும் ஒரு லாட் கேட்டாலும் அதே ஆறில் ஒன்றுதான். அதிகம் கட்டினால் அதிகப் பணம் முடங்கும், அவ்வளவே. ஏழு முறையும் ஆறில் ஒன்று என்றால், ஏழிலும் விழாமல் போக கிட்டத்தட்ட 28 சதவீத வாய்ப்பு உண்டு. சதி தேவையில்லை, கணக்கே போதும்.

வாய்ப்பைக் கூட்ட நேர்மையான வழி, சித்தி தன் பெயரில், தன் பான், தன் டீமேட், தன் வங்கிக் கணக்கில் தனியாக ஒரு லாட் போடுவது. சித்தப்பாவே ஒரே பானில் இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடி. சித்தியின் விண்ணப்பத்துக்குச் சித்தப்பா யு.பி.ஐ.யிலிருந்து பணம் கட்டினாலும் தள்ளுபடி. 2005-ன் வடு அது.

கடைசியாக ஒன்று சொன்னேன். கூட்டம் சேர்ந்தால் லாபம் என்று அர்த்தமில்லை. 2008-ல் ரிலையன்ஸ் பவர் 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம் பெற்றது. சிறு முதலீட்டாளர் விலை 430 ரூபாய். முதல் நாள் முடிவில் 372 ரூபாய் சொச்சம். அந்த க்யூவில் பங்கு கிடைக்காதவர்தான் அன்று அதிர்ஷ்டசாலி.

"அப்ப விழாததும் நல்லதுதான்ங்கிற" என்றார் சித்தப்பா. ஒரு நிமிடம் கழித்து, "சித்திக்கு டீமேட் திறக்க என்னென்ன வேணும்?" என்று கேட்டார்.