அடக்க விலை (பூட்டு வியாபாரம்)

கொள்முதல் பில்லிலிருந்து ஒரு சரக்கு கடைக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிடுதல். திண்டுக்கல் கடைக்கு அலிகாரிலிருந்து 60 ரூபாய்ச் சிறு பூட்டு 100, 200 ரூபாய்ப் பெரிய பூட்டு 20 வருவதாகக் கொள்வோம். மொத்தம் 10,000 ரூபாய். 10 சதவீதக் கழிவு சரக்குக்கு மட்டுமே, மீதி 9,000. பேக்கிங் 150, லாரி வாடகை 750, ஆகச் செலவு 900.

இந்தச் செலவை விலைப்படி பிரித்துச் சேர்த்தால் சிறியது 59.40, பெரியது 198 ரூபாய். ஆனால் லாரிக்காரர் எடைக்கல்லவா வாங்குகிறார்? சிறியது 200 கிராம், பெரியது ஒன்றரைக் கிலோ என்றால் மொத்தம் 50 கிலோ. கிலோவுக்கு 18 ரூபாய். இப்போது சிறியது 57.60, பெரியது 207. முதல் கணக்கை நம்பிப் பெரிய பூட்டை 205-க்கு விற்றவருக்கு நஷ்டம்தான். உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும் கடைக்காரர் ஜிஎஸ்டியை அடக்க விலையில் சேர்ப்பதில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் சேர்த்தாக வேண்டும்.